மாய உறுப்பு வலி எங்கே பிறக்கிறது? நரம்பிலா, தண்டுவடத்திலா, மூளையிலா?

முழங்காலுக்குக் கீழே வலது கால் அகற்றப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். புண் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனால் ராத்திரியானால் இல்லாத கட்டைவிரல் எரிகிறது. விரல்கள் உள்ளே சுருண்டு இறுகிக்கொள்கின்றன, விரிக்க முடியவில்லை. இந்த வலியை மூன்று கோட்பாடுகள் மூன்று இடங்களில் தேடுகின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். மிச்சக் காலின் நுனியில் வலிப்பது வேறு, இல்லாத கால் வலியில்லாமல் 'இருப்பதாக' உணர்வது வேறு, அந்த இல்லாத காலே வலிப்பது வேறு. இரண்டாவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும்; மூன்றாவது பலருக்கு வரும். இங்கே பேச்சு மூன்றாவதைப் பற்றி.

கால் இருந்தபோது வலி வந்த வழியைப் பார்ப்போம். கட்டைவிரலை எதிலாவது இடித்துக்கொண்டால், சுருக்கென்ற முதல் வலியை ஏ-டெல்டா என்ற நரம்பு இழைகள் கொண்டுபோகும். விநாடிக்கு பத்துப் பதினைந்து மீட்டர் வேகத்தில் தண்டுவடத்தை எட்டிவிடும். பின்னாலேயே மந்தமான எரிச்சல் வரும். அது சி இழைகளின் வேலை. அவற்றின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர்தான், அதனால் அந்த எரிச்சல் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும். தண்டுவடத்தின் முதுகுப்பக்கப் பகுதியான பின்கொம்பில் சேதி அடுத்த நரம்பணுவுக்கு மாறி, எதிர்ப்பக்கம் கடந்து, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் வழியாக அதன் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. சேதி இழையின் எந்த இடத்தில் புறப்பட்டது என்று மூளை பார்ப்பதில்லை. எந்த இழையில் வந்தது என்றுதான் பார்க்கிறது. கட்டைவிரலுக்கான இழையை நடுவழியில் சீண்டினாலும் உணர்வு கட்டைவிரலில்தான் தெரியும். முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் வரை மின்னுவது இதனால்தான்.

சரி, முதல் கோட்பாடு கேட் கன்ட்ரோல். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் முன்வைத்தது. தண்டுவடத்தின் பின்கொம்பில் ஒரு கதவு இருக்கிறது என்பது அதன் சாரம். தொடுகையைச் சுமக்கும் தடித்த ஏ-பீட்டா இழைகள் அங்குள்ள தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டிக் கதவைச் சாத்தும்; மெல்லிய வலி இழைகள் திறக்கும்; மேலிருந்து மூளையும் அதை இழுத்துச் சாத்தலாம், திறந்துவிடலாம். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி அடங்குவது இப்படித்தான். தோல்வழி மின்தூண்டல் கருவியான டென்ஸ் பிறந்ததும் இந்த யோசனையிலிருந்துதான். கால் போனபின் பாதத்திலிருந்து தொடுகைச் சேதியே வருவதில்லை, ஆகவே கதவைச் சாத்த ஆளில்லை, சிறு தூண்டலும் பெருவலியாகிறது என்பது இக்கோட்பாட்டின் பதில்.

மனஉளைச்சலில் வலி ஏறுவதற்கும், செயற்கைக் கால் மாட்டி நடக்கும்போது சிலருக்குக் குறைவதற்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் போதாது, உள்ளே எதுவோ வரவும் வேண்டும். முதுகில் மயக்கஊசி போட்டுக் காலை மரக்கடித்தால் பலருக்குக் கால் வேறு நிலையில் இருப்பது போன்ற மாய உணர்வு வருகிறது. எரியும் வலி பொதுவாக வருவதில்லை. சேதி நின்றுபோவதே வலிக்குக் காரணமென்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டுமே? அப்புறம், 1965-இல் வரைந்த நரம்புச் சுற்றின் விவரங்கள் அப்படியே நிற்கவில்லை. தண்டுவடத்தில் வலிச் சேதி கூட்டப்படலாம், குறைக்கப்படலாம் என்ற அடிப்படைதான் நின்றது.

இரண்டாவது மூளை வரைபடக் கோட்பாடு. நீண்ட காலம் எல்லோர் மனதையும் கவர்ந்தது இதுதான். உடலின் தொடுகை வரைபடம் ஒன்று புறணியில் இருக்கிறது. அதில் கையின் பகுதிக்குப் பக்கத்தில் முகம். கையிலிருந்து சேதி நின்றுபோன குரங்குகளில், முகத்தைத் தொட்டபோது கையின் பகுதி விழித்ததை 1991-இல் கண்டார்கள். அதையொட்டி நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டால் மாயக் கையில் தொடுவதாக அவர்கள் உணர்வதைக் காட்டினார். 1995-இல் ஹெர்ட்டா ஃப்ளோர் குழுவினர், வரைபடம் எவ்வளவு இடம்பெயர்ந்ததோ அவ்வளவு வலி என்றார்கள். காலியான இடத்தை அண்டைவீட்டார் ஆக்கிரமிப்பதால் வலி என்ற கதை அழகாகப் பொருந்தியது.

கொஞ்சம் அளவுக்கு மேல் அழகாக என்பேன். 2013-இல் தமார் மாக்கின் குழு நேர்மாறானதைக் கண்டது. மாயக் கையை அசைக்கச் சொன்னபோது, யாருக்கு வலி அதிகமோ அவர்களுக்குக் கைப்பகுதியின் செயல்பாடும் அதிகம். 2025-இல் வெளியான ஆய்வில், கையை எடுப்பதற்கு முன்னும் பின்னும் மூவரை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். கையின் வரைபடம் அப்படியே இருந்தது, உதட்டின் பகுதி அதற்குள் நுழையவில்லை. மூவர்தான் என்றாலும், அதே ஆளையே முன்னும் பின்னும் பார்த்திருப்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது, வெட்டுப்பட்ட நரம்பே மூலம் என்பது. நரம்பின் நுனி மீண்டும் வளரப் பார்க்கும். போய்ச் சேர இடமில்லாமல் முடிச்சாகிவிடும். இதுதான் நியூரோமா. அதன் சவ்வில் மின்சேதியைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் குவிவதால் யாரும் தொடாமலே தன்னிச்சையாகத் துடிக்கும். தண்டுவடத்தை ஒட்டிய முதுகுவேர் முடிச்சில் இருக்கும் அதே நரம்பணுக்களின் உடல்களும் அப்படித் துடிக்கத் தொடங்கும். கட்டைவிரலின் இழை துடித்தால் கட்டைவிரல்தான் எரியும்.

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்வது, மிச்சக் காலின் நுனியில் மரப்பு ஊசி போட்டாலும் பலருக்கு மாய வலி நிற்பதில்லையே என்பது. ஊசி போட்ட இடம்தான் தவறு என்றது 2014-இல் வந்த வாசோ, டெவோர் குழுவினரின் ஆய்வு. கால் இழந்த 31 பேருக்கு லிடோகெயின் என்ற மரப்பு மருந்தை முதுகெலும்பு அருகே, அந்த முதுகுவேர் முடிச்சுகள் இருக்கும் மட்டத்தில் செலுத்தினார்கள். பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களில் மாய வலி அடங்கியது, மருந்து தீர்ந்ததும் திரும்பியது. மருந்து தண்டுவடத்துக்குள்ளும் ஊறியிருக்கலாமே என்ற ஆட்சேபம் உண்டு. 1997-இல் கை இழந்தவர்களுக்குத் தோள் நரம்புப் பின்னலை மரக்கடித்தபோது ஏறத்தாழப் பாதிப்பேருக்குத்தான் வலி நின்றது என்பதும் பதிவாகியிருக்கிறது.

என் கணிப்பு இதுதான்: பெரும்பாலானவர்களிடம் தொடக்கச் சேதி வெட்டுப்பட்ட நரம்பிலும் முதுகுவேர் முடிச்சிலும் பிறக்கிறது, தண்டுவடம் அதன் அளவைக் கூட்டுகிறது, கலையாமல் இருக்கும் வரைபடம் அதைக் 'கட்டைவிரல்' என்று படிக்கிறது. வரைபடம் கலைந்திருந்தால் வலி இத்தனை துல்லியமாக ஒரு விரலில் தெரியவேண்டிய அவசியமில்லை.

நம்மவருக்கு வருவோம். மிச்சக் காலின் நுனியில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை விரலால் தட்டும்போது மாயக் கட்டைவிரலுக்கு மின்னினால், நியூரோமாவைச் சந்தேகிக்கலாம். அந்தப் புள்ளியில் சிறிது மரப்பு மருந்து போட்டுப் பார்ப்பார்கள். வலி அடங்கினால், வெட்டிய நரம்பின் நுனியை அருகிலுள்ள தசையின் இயக்க நரம்போடு இணைக்கும் அறுவைக்கு அவர் பொருத்தமானவராக இருக்கலாம். நரம்பு போய்ச்சேர ஓர் இடம் கிடைத்துவிடுவதால் முடிச்சு போடுவது குறைகிறது. மரப்பு மருந்து ஒன்றும் செய்யாவிட்டால் அறுவை ஏமாற்றும் வாய்ப்பு அதிகம்.

விரல்கள் சுருண்டு இறுகுவதற்குக் கண்ணாடிப் பயிற்சி தரப்படுகிறது. நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கால்களையும் அசைப்பதாகப் பாவித்துத் தினம் 15 நிமிடம் செய்வது. 2007-இல் கால் இழந்தவர்களிடம் நடந்த ஒரு சிறு சோதனையில் நான்கு வாரத்தில் பலன் தெரிந்தது. எல்லோருக்கும் அது வேலை செய்வதில்லை. வேலை செய்தாலும், அதை வைத்து வரைபடக் கோட்பாடு வென்றதாகச் சொல்ல முடியாது. மேலிருந்து கதவைச் சாத்துவதாகவும் அதைப் படிக்கலாம்.

வலியை விட்டு மாய உணர்வை மட்டும் பார்த்தால், நரம்புக் கோட்பாடு முழுக்கக் கைவிரிக்கும் இடமும் உண்டு. பிறவியிலேயே கை இல்லாத சிலருக்கும் மாயக் கை தோன்றுகிறது. அவர்களிடம் வெட்டப்பட்ட நரம்பு என்று ஒன்று இருந்ததே இல்லை.