780 வெள்ளி போச்சு: ஸ்டோருக்கு கியூஆர் லேபிள் ஒட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டு ஒட்டுங்க

நேத்துக் காலையில நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கல. அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னுதான் கடையைச் சாத்தினதும் உட்கார்ந்துட்டேன்.

எங்களுக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை. புல்வெட்டு மெஷின், மருந்தடிக்கிற பம்பு, செம்பனைக் குலை வெட்டுற அரிவாள், இதுகளுக்கான சாமான்தான் முக்கால்வாசி. பின்னால ஜிங்க் கூரை போட்ட ஸ்டோர். 4 ரேக், ரேக்குக்கு 5 தட்டு, தட்டுக்கு 12 டப்பா. எந்த டப்பாவுல எந்த வாஷர்னு எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்போ நான் ஒரு கார்புரேட்டர் கேஸ்கெட் தேடி முக்கால் மணி நேரம் அல்லாடினேன். அன்னைக்கே முடிவு பண்ணினேன், எல்லாத்துக்கும் நம்பர் போட்டு லேபிள் ஒட்டிடணும்னு.

ஆன்லைன்ல லேபிள் அடிச்சுக் கொடுக்கிற ஒரு கடை கண்ணுல பட்டது. பேர் போடல. போன் பண்ணினா நம்ம தமிழ்ப் பையன். "அக்கா, பார்கோடெல்லாம் பழசு. கியூஆர் போடுங்க, தனியா ஸ்கேனர் வேணாம், போன் போதும். டப்பாவைக் காட்டினாலே உள்ள என்ன சாமான், எத்தனை இருக்குன்னு வந்துடும்"னான். ஒரு லேபிள் 3 வெள்ளி. 240 டப்பா, 20 தட்டு, ஆக 260 லேபிள், 780 வெள்ளி. "மாசா மாசம் ஏதும் கட்டணுமா தம்பி?"னு நான் கேட்டேன். கேட்காம விடல. "ஒரு தடவைதான்க்கா, அப்புறம் ஆயுசுக்கும் உங்களுது"ன்னான். அவனே நேர்ல வந்து ஒட்டிக் கொடுத்தான், நான் போட்ட டீயைக் குடிச்சான், எங்க வீட்டுக்காரர் காலைத் தொட்டு "சீக்கிரம் சரியாயிடும் மாமா"ன்னு சொல்லிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன். ரசீதைக்கூட ஒழுங்காப் பார்க்கல.

மூணு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. நானும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு டப்பா கணக்கையும் அந்தப் பக்கத்துல ஏத்தினேன். பழைய நோட்டுப் புத்தகத்தையே மறந்துட்டேன்.

நேத்து தோட்டத்து மண்டோர் ஒருத்தர் பம்பு நாசில் கேட்டு வந்து நிக்கிறாரு. டப்பாவை ஸ்கேன் பண்றேன், இந்தக் கியூஆர் கோடு நிறுத்தப்பட்டிருக்குன்னு வருது. பக்கத்து டப்பாவும் அப்படியே. அடுத்த ரேக்குக்கு ஓடுறேன், அங்கயும் அதேதான். 260ம் செத்துப் போச்சு.

பையனுக்கு வாட்ஸாப் போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்ல. மத்தியானம், "அக்கா, உங்க இலவசக் காலம் முடிஞ்சது, மாசம் 39 வெள்ளி கட்டினா மறுபடி வரும்"னு வந்தது. ஆயுசுக்கும்னு சொன்னியேன்னு கேட்டேன். "லேபிள்தான்க்கா ஆயுசுக்கும், சிஸ்டம் வேற"ன்னான். ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு, அது வெளிநாட்டு சிஸ்டம், நாங்க வெறும் ஏஜெண்டுன்னுது. நான் ஏத்தின கணக்கையாவது இறக்கிக் கொடுங்கன்னேன். அதுக்கும் முதல்ல பணம் கட்டணுமாம். சாயங்காலம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான். மாசம் 39ன்னா வருஷத்துக்கு 468 வெள்ளி. டப்பாவுல ஒட்டின ஸ்டிக்கருக்கு வாடகை!

ராத்திரி என் நாத்தனார் மகன் வந்து பார்த்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கேமராவை லேபிள்ல காட்டி, "அத்தை, லிங்க்கை அமுக்காதீங்க, மேல வர்ற எழுத்தை மட்டும் படிங்க"ன்னான். ஏதோ ஒரு குட்டி இணைய முகவரி. 260லயும் அதே முகவரிதான், வால்ல இருக்கிற நாலஞ்சு எழுத்து மட்டும் வேற. அப்பதான் எனக்குப் புரிஞ்சது. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ள என் டப்பா நம்பரே கிடையாது. அவங்க சர்வருக்குப் போற வழி மட்டும்தான் இருக்கு. போன் முதல்ல அங்க போகும், அங்கிருந்துதான் என் கணக்குப் பக்கத்துக்குத் திருப்பி விடுவாங்க. நடுவுல அவங்க கதவைச் சாத்தினா என் ஸ்டிக்கர் வெறும் படம். இதுக்கு டைனமிக்னு பேராம். லேபிளை மாத்தாமலே போய்ச் சேர்ற இடத்தை மாத்திக்கலாம், அது நிஜமாவே ஒரு வசதிதான். ஆனா அந்த முகவரி நம்ம கையில இருக்கணும். இங்க கணக்கே அந்தப் பையன் பேர்ல இருக்கு. நானே நேரா அந்தச் சிஸ்டம்காரன்கிட்ட போய்க் கட்டலாம்னாலும் வழியில்ல.

ஸ்டோர் டப்பாவுக்கு இந்தச் சுத்து வழியே தேவையில்லையாம். கியூஆருக்குள்ள A-02-07 அப்படின்னு மட்டும் எழுதினாப் போதும்: A ரேக், 2ஆவது தட்டு, 7ஆவது டப்பா. இதுக்கு ஸ்டாடிக்னு பேரு. இன்டர்நெட் இல்லாமலே படிக்கும், நிறுத்த எவனாலயும் முடியாது. சாமான் கணக்கு நம்ம எக்செல் ஷீட்டுல, முதல் நெடுவரிசையில அதே நம்பர். டப்பாவுல சாமான் மாறினா ஷீட்டுல மாத்தினாப் போதும், லேபிளைத் தொடவே வேணாம். எழுத்து கொஞ்சமா இருக்கிறதால கட்டமும் 21க்கு 21தான் வருது. அதே அளவு லேபிள்ல ஒவ்வொரு புள்ளியும் பெருசா விழும், மங்கின வெளிச்சத்துலயும் போன் சட்டுனு பிடிக்குது. என் பழைய லேபிள்ல முகவரி நீளம், புள்ளியெல்லாம் பொடிப்பொடி. கீழ்த்தட்டுல நான் குனிஞ்சு குனிஞ்சு காட்டினதுக்குக் காரணம் அதுதான். கியூஆரை 1994ல ஜப்பான்ல டென்சோங்கிற கம்பெனி உருவாக்கினாங்க, அதை உபயோகிக்க யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. எனக்கு வித்தது அதைத்தான், 780 வெள்ளிக்கு.

பார்கோடு பழசுன்னு சொன்னதும் சும்மா. துப்பாக்கி மாதிரி ஸ்கேனர் வச்சிருக்கிறவங்களுக்கு அது தாராளமாப் போதும். ஆனா A-02-07ங்கிற இந்த 7 எழுத்துக்கே பார்கோடு ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் அகலம் இழுக்கும், அதனால சின்ன டப்பாவுக்குத்தான் கியூஆர் வசதி.

இன்னொண்ணு, பேப்பர். ஜன்னல் பக்கம் இருக்கிற D ரேக் லேபிளெல்லாம் இப்பவே வெளிறிப் போச்சு. எண்ணெய்க் கை பட்ட இடத்துல எழுத்தே மறைஞ்சிருக்கு. நாத்தனார் மகன் நகத்தால வேகமா ஒரு கீறு கீறினான், கறுப்பா கோடு விழுந்தது. கீறினா கறுத்தா அது சூட்டுல அச்சாகுற பேப்பராம், கடை ரசீது மாதிரி. பார்சல்ல ஒட்டி அனுப்பத்தான் லாயக்கு. ஸ்டோருக்கு ரிப்பன் போட்டு அடிச்ச பிளாஸ்டிக் லேபிள் வேணும்.

நிதானமா எல்லாம் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. அவசரத்துக்கு இது: காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மாதிரி லேபிள் கேளுங்க. போன்ல டேட்டா, வைஃபை ரெண்டையும் அணைச்சிட்டு ஸ்கேன் பண்ணுங்க. உங்க டப்பா நம்பர் வந்தா வாங்குங்க, முகவரி வந்தா வேணாம். நகத்தால கீறிப் பாருங்க. கியூஆருக்குக் கீழ நம்பரைப் பெருசா அச்சடிக்கச் சொல்லுங்க, ஸ்கேன் ஆகலைன்னாலும் கண்ணால படிச்சுக்கலாம். கணக்கை அடுத்தவன் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க.

என் 780 வெள்ளி போனது போனதுதான். மூணு மாசக் கணக்கும் போச்சு. நாளைக்கு A ரேக்ல இருந்து மறுபடி எண்ணணும்.