ரசம் கொட்டினால் எது தாங்கும்? மலைவீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடியா, மரமா, கல்லா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை ஏதாவது கொட்டும். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. காலையில் பால், மத்தியானம் ரசம், சாயங்காலம் ராகிக் கஞ்சி. கோயம்புத்தூரில் இருந்தவரை இது ஒரு விஷயமே இல்லை. துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் முடிந்தது. கோத்தகிரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த வீட்டில் ஃபேனே கிடையாது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆடியில் ஊற்றும் மழை எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் வரும். அந்த இரண்டு மாதம் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். துணிக்கே அந்தக் கதி என்றால் மேசையின் இடுக்கில் புகுந்த பாலுக்கு என்ன கதி?

அதனால் மேசைப் பலகை வாங்கும்போது நான் அழகையும் விலையையும் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி, துடைக்காமல் விட்ட சிந்தல் எங்கே போய் நிற்கும் என்பது.

நாங்கள் முதலில் வைத்திருந்தது கண்ணாடி மேசை. மரச்சட்டம், அதன்மேல் கண்ணாடி. கண்ணாடியின் மேற்பரப்பைக் குறை சொல்லவே முடியாது. மஞ்சள் பிடிக்காது, எலுமிச்சை அரிக்காது, ஸ்கெட்ச் பேனாக் கிறுக்கல் ஈரத்துணியில் போய்விடும். சங்கடம் கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில்தான். இரண்டு பரப்புகள் ஒட்டினாற்போல் இருந்தால் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி திரவத்தைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். விளிம்பில் வழிந்த பால் மேலே துடைத்தபின்னும் அடியில் இரண்டு அங்குலம் ஓடியிருக்கும். எங்களுக்கு அது கார்த்திகையில் ஒரு புளித்த வாடையாகத்தான் தெரியவந்தது. குளிர்சாதனப் பெட்டி, குப்பைக்கூடை எல்லாம் தேடி அலுத்து, கடைசியில் நானும் அவரும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் சட்டம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை.

மர மேசையைக் காப்பாற்றுவதாக நினைத்து அதன்மேல் முழு அளவுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் சரி, இந்த இரண்டுங்கெட்டான் ஏற்பாடு மட்டும் வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கண்ணாடிதான் வேண்டுமென்றால் சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் ஒளி புகும் சிலிக்கோன் பட்டன்களை ஒட்டி மூன்று மில்லிமீட்டராவது தூக்கி நிறுத்துங்கள். காற்றோடும், மெல்லிய துணியும் உள்ளே போகும்.

உடைவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும்; குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. டஃபண்ட் கண்ணாடி என்பது அதையே 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்தது. உடைந்தால் கற்கண்டு போலச் சிறுசிறு துண்டாக நொறுங்கும். ஆனால் அதன் பலம் எல்லாம் நடுப்பரப்பில். சின்னவன் டம்ளரால் நடுவில் தட்டினால் ஒன்றும் ஆகாது. கனமான எவர்சில்வர்ப் பாத்திரம் விளிம்பில் இடித்தால் மொத்தப் பலகையும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடலாம். உதிர்ந்தாலும் இடத்தைவிட்டு விழாமல் இருக்க, நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடிதான் கேட்க வேண்டும். கடைக்காரர் டஃபண்ட் என்று சொன்னால் மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, வானத்தின் வெளிச்சம் கண்ணாடியில் படும் கோணத்தில் சாய்ந்து பார்த்தால் திட்டுத்திட்டாக நிழல் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் அது தெரியாது. டஃபண்ட் ஆன பிறகு அதை வெட்டவோ துளைபோடவோ முடியாது என்பதால் "கொஞ்சம் வெட்டிக் குறைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது டஃபண்ட் இல்லை.

அடுத்தது கல். இதில் முதலில் தெளிவாக வேண்டியது, கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் இல்லை. மாமியார் வீட்டில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கறுப்புக் கல் மேசை. வருஷக்கணக்கில் அதைக் கிரானைட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சை சாதம் பரிமாறும் பக்கம் மட்டும் வெளிறி, பாலிஷ் போய்க் கிடந்தது. அது கடப்பாக் கல். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. மார்பிளும் சுண்ணாம்புச் சத்துதான். எலுமிச்சை, புளி, தக்காளி, மோர் எல்லாம் அவற்றின் மேற்பரப்பைக் கரைக்கும். ஆங்கிலேயர் சமையலுக்கு மார்பிள் சரிப்படுமோ என்னவோ, தினம் ரசம் வைக்கும் வீட்டுக்குச் சரிப்படாது. வாங்கும் முன் துண்டுக் கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். மங்கிய வட்டம் விழுந்தால் அது கிரானைட் இல்லை.

கிரானைட்டுக்குப் புளிப்பு பெரிய எதிரி இல்லை, ஆனால் அதற்கும் நுண்ணிய துளை உண்டு. வெளிர் நிறக் கல்லில் இது அதிகமாகத் தெரியும். ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள்; துடைத்த இடம் கறுத்திருந்தால் உறிஞ்சுகிறது என்று அர்த்தம், துளையை அடைக்கும் சீலர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் சாம்பார் மஞ்சள் உள்ளே இறங்கும். மஞ்சள் கறை வெயில் பட்டால் மங்கிவிடும் என்பது உண்மை, ஆனால் கார்த்திகையில் நாங்கள் வெயிலை எங்கே போய்த் தேடுவது? அதைச் சோப்புத்தூளால் தேய்த்துச் சிவப்பாக்கிக்கொண்டவர்களும் உண்டு. சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும், பயப்பட வேண்டாம்.

சிந்தலைப் பொறுத்தவரை சீலர் அடித்த கறுப்புக் கிரானைட்டை மிஞ்ச எதுவும் இல்லை. பிறகு ஏன் நான் அதை எடுக்கவில்லை? குளிர். மார்கழிக் காலையில் கல்லில் கை வைத்துச் சாப்பிடுவதும் பனிக்கட்டியில் கை வைத்துச் சாப்பிடுவதும் ஒன்றுதான். கல் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். எவர்சில்வர்த் தட்டில் வைத்த இட்லி, குழந்தை இரண்டாவது வாய் வாங்குவதற்குள் ஆறிவிடும். குக்கர் ஆவி சில்லென்ற கல்லின்மேல் படும்போது வேர்த்தாற்போல் நீர் கோத்துக்கொள்ளும், யாரும் எதையும் கொட்டாமலே மேசை ஈரமாக இருக்கும். கண்ணாடிக்கும் இது உண்டு. கல்லில் இன்னொன்று, எங்கள் அளவான ஐந்தடிக்கு மூன்றடிப் பலகை 18 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 67 கிலோ வரும். அதே அளவு 12 மில்லிமீட்டர்க் கண்ணாடி 42 கிலோ. ஓரங்குலத் தேக்கு 23 கிலோதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கடைசியில் மரம் என்றுதான் முடிவானது. ஆனால் மரத்தை மலையில் சும்மா வாங்கி வைத்துவிட முடியாது. எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மென்மையான மரம், ஸ்பூனால் தட்டினால் பள்ளம் விழும், பூச்சியும் அரிக்கும். நாங்கள் பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த தேக்கை எடுத்தோம். ஆசாரி முதலில் சொன்னது: "சட்டத்துல இறுக்கி ஸ்க்ரூ போட்டுராதீங்க அக்கா. மழைக்கு விரியும், மாசில சுருங்கும். இறுக்கினா நடுவுல வெடிச்சிரும்ங்க." மரம் நீளவாக்கில் அசைவதில்லை, அகலவாக்கில்தான். மூன்றடி அகலத்தில் மழைக்கும் மாசிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். அதனால் ஸ்க்ரூ துளைகளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, அகலத் திசையில் போட்டார். போன கார்த்திகையில் அளந்து பார்த்தேன், ஓரம் நான்கு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. மேசை வெடிக்கவில்லை.

இரண்டாவது, பாலிஷ். பழைய பாணி அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு, ஆனால் சுடு டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். நாங்கள் அடித்தது பி.யூ. எனும் பாலியூரித்தேன் பாலிஷ், மேலே மூன்று கோட்டு, அடிப்பக்கமும் இரண்டு கோட்டு. அடிப்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறிப் பலகை தட்டு மாதிரி வளையும். பனிமூட்டம் உள்ள நாளில் பாலிஷ் அடித்தால் பூச்சு பால் போல் வெளுத்துவிடும் என்று ஆசாரி நான்கு நாள் வேலைக்கே வரவில்லை. முதலில் சாக்கு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குள் முதல் கோட்டை முடித்துவிட்டார். மூன்று கோட்டும் முடிந்து, நன்றாகக் கெட்டியாகட்டும் என்று பத்து நாள் மேசையைத் தொடவிடவில்லை. குழந்தைகள் தரையில் பாயில் சாப்பிட்டார்கள்.

மரத்தில் சிந்தல் நிற்கும் இடம் பலகைகள் சேரும் இணைப்பும், பலகையைக் குறுக்கே அறுத்த முனை வெட்டும்தான். முனை வெட்டு ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும்; அங்கே மட்டும் கூடுதலாக ஒரு கோட்டு அடிக்கச் சொன்னேன். இதுவரை இரண்டு குறை வந்திருக்கிறது. ஒன்று, வெள்ளை வட்டம். அது பூச்சுக்குள் சிக்கிய ஈரம், துணி போட்டு ஹேர் டிரையரை மிதமாகக் காட்டியதும் போய்விட்டது. இன்னொன்று கறுப்பு வட்டம், போகவில்லை. இரும்புச் சட்டியை டீ சிந்திய இடத்தில் இரவு முழுக்க வைத்தது நான்தான், குழந்தைகள் இல்லை.

விளிம்பு எந்தப் பலகைக்கும் முக்கியம். மேசை உயரம் 75 சென்டிமீட்டர். ஓடிவரும் இரண்டு வயதுக் குழந்தையின் முகம் சரியாக அங்கே வரும். தேக்கில் மூலையை ஒரு டீ கிளாஸ் வாயளவுக்கு வளைத்து, விளிம்பை உருட்டச் சொன்னோம். ஆசாரி அரை மணியில் ரந்தாவால் இழைத்து முடித்தார். கல்லில் இதையே ஃபுல் ரவுண்டு மோல்டிங் என்று தனிக் கூலி கேட்பார்கள், கண்ணாடியில் டஃபண்ட் செய்யும் முன்பே சொல்லிவிட வேண்டும். சின்னவன் இதுவரை நாலு தடவை மோதியிருக்கிறான். நாலாவது தடவை ரசம் டம்ளரோடு.