தண்ணீர் கேன் கணக்கு: நோ-கோட் செயலியில் 8 மாதம், கையால் எழுதிய நிரலில் 1 வருடம்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பா 20 லிட்டர் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறார். தண்டையார்பேட்டை, ராயபுரம் வரை ஏறக்குறைய 400 வாடிக்கையாளர்கள், கேன் போட ஆறு பையன்கள், நாளொன்றுக்குச் சுமார் 150 டெலிவரி. நோட்டில் எழுதிவந்த இந்தக் கணக்கை, நிரல் எழுதத் தெரியாத நான், விரிதாளை அடித்தளமாகக் கொண்ட ஒரு நோ-கோட் தளத்தில் நான்கே நாளில் செயலியாக்கினேன். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி ஓர் அமைப்பை இயக்கியதுமே கிடைத்துவிட்டது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த வியாபாரத்தில் பணத்தைவிட வெற்றுக் கேன் கணக்குதான் கடினம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் வரியிலும் 'வீட்டில் உள்ள கேன்' என்று ஓர் எண்ணை வைத்து, டெலிவரியின்போது பையன்கள் அதை மாற்றும்படி அமைத்திருந்தேன். முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது 31 கேன்கள் கணக்கில் உதைத்தன. ஒரு வீட்டின் பதிவை எடுத்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அந்த வீட்டில் 4 கேன் இருந்தது. காலையில் ஒரு பையன் 2 கொடுத்து 4 வாங்கி, எண்ணை 2 என்று மாற்றினான்; மாடிப்படியில் சிக்னல் இல்லாததால் அது போகவில்லை. மாலையில் வேறொருவன் 1 கேன் கொடுத்தான். அவன் போனில் இன்னும் 4 என்றே இருந்ததால் 5 என்று பதிந்தது. இரவு முதல் பையனின் போன் இணைந்ததும், அந்த 2 வந்து 5-ஐ அழித்தது. உண்மையில் இருக்க வேண்டியது 3.

இது நோ-கோட்டின் குற்றமன்று. கையால் எழுதினாலும் இருப்பை ஒரே எண்ணாக வைத்தால் இதே தவறு நேரும். ஆகவே ஒவ்வொரு டெலிவரியையும், கொடுத்தது எத்தனை, வாங்கியது எத்தனை என்று ஒரு தனி வரியாகப் பதிந்து, இருப்பைக் கூட்டிக் காட்டும்படி மாற்றினேன். கணக்கு நேரானது. ஆனால் அடுத்த சிக்கலுக்கு அந்தத் திருத்தமே வழிவிட்டது.

மாதம் 4,500 வரிகள் என்றால் ஆறு மாதத்தில் 27,000. கூகுள் விரிதாள் 1 கோடி கட்டங்கள் வரை தாங்கும். எங்களுடையது 2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. தடை கொள்ளளவில் இல்லை, கூட்டும் முறையில் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் இருப்பைக் காட்ட 27,000 வரிகளையும் செயலி துழாவியது. 400 பேருக்கும் சேர்த்தால் 1 கோடியே 8 லட்சம் ஒப்பீடுகள். 5 விநாடியில் முடிந்த ஒத்திசைவு 50 விநாடியானது. "அண்ணே, சுத்திக்கினே இருக்குது, அடுத்த வீட்டுக்குப் போவவா வேணாவா?" என்று பையன்கள் வாசலில் நின்று போன் செய்வார்கள். பழைய மாதங்களை வேறு தாளுக்கு மாற்றி, தொடக்க இருப்பாக ஒரு வரி மட்டும் வைத்துப் பார்த்தேன். வேகம் திரும்பியது, ஆனால் போன மாதப் பதிவு ஒன்றைத் திருத்த நேர்ந்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது, அதில் மீண்டும் பிழைகள் புகுந்தன.

சித்தப்பா மகன் நிரலாளர். வேலை முடிந்து வந்த இரவுகளில் இரண்டரை மாதம் உட்கார்ந்து, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் புதிய செயலியை எழுதினான். வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டதும், ஒருவரின் சில டஜன் வரிகளை மட்டும் நேராகப் போய் எடுத்துக் கூட்டியது. வேகப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

ஆனால் இணைப்பில்லாத பதிவை இப்போது நாங்களே எழுத வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் சில டெலிவரிகள் இருமுறை பதிந்தன. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சேர்ந்தது என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்தால், போன் அதையே மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் உருவாக்கி, அதே எண் மீண்டும் வந்தால் விட்டுவிடும்படி செய்தான்:

```sql
INSERT INTO delivery (id, customer_id, given, taken)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (id) DO NOTHING;
```

பழைய தளத்திலிருந்து வரிகளை மட்டும் எடுத்துவர முடிந்தது. திரைகளும் சூத்திரங்களும் வரவில்லை. தேதிகளில் மாதம் முன்னால் வந்திருந்ததால் 03/04 என்பது மார்ச் 4, நாங்கள் அதை ஏப்ரல் 3 என்று ஏற்றிவிட்டோம். 12-க்கு மேற்பட்ட நாள்களில் பிழைச் செய்தி வந்த பிறகே கவனித்தோம்.

இன்று பேக்கப், சர்வர் புதுப்பிப்பு எல்லாம் ஒரே ஆளின் தலையில் இருக்கின்றன. அவன் வெளியூர் போனால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. வண்டி டீசல் செலவையும் பையன்களின் முன்பணத்தையும் இன்னமும் அந்த நோ-கோட் செயலியில்தான் எழுதுகிறேன். அதில் மாதம் 60 வரி சேரும். ஒரே ஆள், ஒரே போனில் பதிகிறேன்.