ஒரே தட்டு, மூன்று தீர்ப்பு

செந்தூலில் எங்கள் வீட்டில் அக்கா மகனுக்கும் தங்கை மகளுக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. "நான் பாட்டோடதான் அடிச்சேன் மாமா, கேம்தான் லேட்னு சொல்லுது" என்பான் அவன். சும்மா சாக்குச் சொல்கிறான் என்பாள் அவள். பாட்டின் தாளத்துக்குத் தட்டி ஆடும் ரிதம் கேம்கள் தட்டலை எப்படி மதிப்பிடுகின்றன என்று பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தட்டவேண்டிய ஒவ்வொரு நோட்டுக்கும் அது விழவேண்டிய சரியான நொடி ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். நாம் தட்டும்போது, அந்த நொடியிலிருந்து எத்தனை மில்லிநொடி விலகினோம் என்று கேம் கணக்கிடும். முந்தினால் மைனஸ், பிந்தினால் பிளஸ். இதுவரை எல்லா விளையாட்டும் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பிரிகிறார்கள்.

ஸ்டெப்மேனியா என்ற கேமின் வழக்கமான கண்டிப்பு அளவு, ஜட்ஜ் 4, மாறாத படிக்கட்டு. 22.5 மில்லிநொடிக்குள் மார்வலஸ், 45க்குள் பெர்ஃபெக்ட், 90க்குள் கிரேட். பாட்டு எளிதோ கடினமோ, படி நகராது. osu! என்ற கேமில் படிக்கட்டே பாட்டுக்குப் பாட்டு மாறும். பாட்டுக்கு நோட்டுகளை அடுக்கிய பீட்மேப்பைச் செய்தவர் OD என்றொரு எண் வைப்பார். முழு மதிப்பெண்ணான 300 வாங்க எவ்வளவு விலகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும்:

```
80 − 6 × OD
```

OD 5 என்றால் இருபுறமும் 50 மில்லிநொடி, OD 8க்கு 32, OD 10க்கு 20. ஸ்டெப்மேனியாவிலிருந்து கிளைத்த எட்டர்னா படிக்கட்டை மட்டும் நம்புவதில்லை. பெயர்கள் திரையில் வரும், ஆனால் மதிப்பெண் ஒரு வளைகோட்டில் இறங்கும். விலகல் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இப்போது பையன் தட்டிய ஐந்து நோட்டு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: +44, +52, +38, +49, +47. பெண்ணுடையது: −30, +25, +5, −22, +27.

ஸ்டெப்மேனியாவில் அவளுக்கு இரண்டு மார்வலஸ், மூன்று பெர்ஃபெக்ட். அவனுக்கு இரண்டு பெர்ஃபெக்ட், மூன்று கிரேட். இதில் +44 பெர்ஃபெக்ட், +47 கிரேட். மூன்றே மில்லிநொடி வித்தியாசம், எந்தக் காதுக்கும் தெரியாது, ஆனால் ஒரு படி போச்சு. எட்டர்னா இந்த அநியாயத்தைத்தான் சரிசெய்கிறது: அந்த இரண்டு தட்டுக்கும் மதிப்பெண் கொஞ்சம்தான் வேறுபடும். osu!வில் OD 8 போட்டால் தீர்ப்பு இன்னும் கொடூரம். அவளுக்கு ஐந்தும் 300, அவனுக்கு ஐந்தும் 100. நூறு சதவீதத்துக்கு எதிரே முப்பத்து மூன்று!

ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். அவனுடைய சராசரி +46, அதைச் சுற்றி அதிகபட்சம் 8 மில்லிநொடிதான் அலைகிறான். அவளுடைய சராசரி +1, அலைச்சலோ முப்பத்தொன்று வரை. கை நிதானம் அவனிடம்தான். அவன் காதுக்குப் பாட்டே தாமதமாக வந்து சேர்கிறது. அவன் விலகல் ஒவ்வொன்றிலிருந்தும் 46ஐக் கழித்தால் −2, +6, −8, +3, +1. ஸ்டெப்மேனியாவில் ஐந்தும் மார்வலஸ், OD 10இல் ஐந்தும் 300. அதே OD 10இல் அவளுக்கு ஒரே ஒரு 300, மற்ற நான்கும் 100.

மூன்று மதிப்பீட்டு முறைகளும் இங்கே கோட்டை விடுகின்றன. சாதனத்தின் தாமதமும் கையின் தடுமாற்றமும் ஒரே விலகலாகத்தான் அவற்றுக்குத் தெரியும். எட்டர்னாவின் வளைகோடும் இதில் தப்பவில்லை. ஆகவே எதை மதிப்பிடுகிறார்கள் என்பதைவிட, ஆட்டம் முடிந்ததும் எதைக் காட்டுகிறார்கள் என்று நான் பார்ப்பேன். osu!வின் முடிவுத் திரையில் சராசரி விலகலும், Unstable Rate என்ற எண்ணும் வரும். அது விலகல்களின் பரவலைப் பத்தால் பெருக்கியது. அவனுக்குச் சுமார் 48, அவளுக்குச் சுமார் 235. சராசரி பெரிதாகவும் இந்த எண் சிறிதாகவும் இருந்தால் ஒலித் தாமதத்தை ஈடுகட்டும் ஆஃப்செட் என்ற செட்டிங்கைத் திருத்துங்கள். தலைகீழாக இருந்தால் செட்டிங்கில் கை வைத்துப் பயனில்லை, பயிற்சிதான். வீட்டில் விளையாட நான் osu!வைச் சொல்வது இதனால்தான்.

புளூடூத் காதொலிப்பான் வேறு விஷயம். தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால் OD 8இல் 50 மதிப்பெண்ணுக்கான 120 மில்லிநொடி எல்லையே போய்விடும், எல்லாம் மிஸ். வயர் போட்டது வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மால் ஆர்கேடுக்குப் போனால் என் தீர்ப்பு மாறும். அங்கே எல்லாரும் ஒரே இயந்திரத்தில், ஒரே ஸ்பீக்கரில் ஆடுகிறார்கள், மாறாத படிக்கட்டுதான் போட்டிக்கு நியாயம்.

அப்புறம், ஆஃப்செட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பது கேமுக்குக் கேம் மாறும். பையன் 46 திருத்திவிட்டு அதே பாட்டை மறுபடி ஆடட்டும். சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி. 92 என்று காட்டினால் குறியை மாற்றிப் போட்டிருக்கிறான்.