12 மணி முகமா, 24 மணி வளையமா: பதின்வயதினர் தூக்கக் காணொளிக்கு எந்தக் கடிகாரம்?

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை போட்டுக்காட்ட, தூக்கப் பழக்கம் பற்றி நான்கு நிமிடக் காணொளி ஒன்றைச் செய்தோம். நான் அறிவியல் ஆசிரியை. படங்களை அசைய வைத்தது என் அக்கா மகன். என்ன சொல்லவேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. எந்தக் கடிகாரத்தில் சொல்வது என்பதில்தான் மூன்று வாரம் போனது. மூன்று வகைக் கடிகாரங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டிய பிறகே முடிவுக்கு வந்தோம்.

முதலில் செய்தது எல்லோருக்கும் தோன்றுவதுதான். சுவர்க் கடிகாரம், இரண்டு முள், தூங்கும் நேரத்துக்கு நீல நிறம். கடிகாரம் பார்க்கத் தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது என்று நினைத்தேன். அதன் குறை, நீல நிறத்தைத் தீட்டிய பிறகுதான் தெரிந்தது. இரவு 11:30க்குப் படுத்து அதிகாலை 5:30க்கு எழும் ஒரு பிளஸ் ஒன் மாணவியின் தூக்கத்தை அதில் வரைந்தால், கடிகாரத்தில் சரிபாதி நீலமாகிவிடுகிறது. 6 மணி நேரம்தான், ஆனாலும் கண்ணுக்குத் தாராளமாகத் தெரிகிறது. இரவு 10 முதல் காலை 7 வரை, 9 மணி நேரம் தூங்கும் பையனை வரைந்தால் முக்கால் முகம் நீலம். "மிஸ், இவன் நாள் முழுக்கத் தூங்குறானா?" என்றான் ஒருவன். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வெளியிட்ட பரிந்துரை. அந்த அளவைச் சோம்பேறித்தனமாகவும், பற்றாத தூக்கத்தைப் போதுமானதாகவும் காட்டும் படத்தை வைத்துக்கொண்டு எதைப் புரியவைப்பது?

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். மாலை 5:30 டீயும் காலை 5:30 எழுச்சியும் அந்த முகத்தில் ஒரே புள்ளியில் வந்து உட்காருகின்றன. டீ டம்ளருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தோம். மாலை டீயைத் தவிர்க்கச் சொன்னோம். பாதி வகுப்பு, எழுந்ததும் டீ குடிக்கக் கூடாது என்று புரிந்துகொண்டது. தூக்கத்தைக் கெடுக்கும் பல காரணங்கள் பகலிலேயே தொடங்கிவிடுகின்றன. பகலையும் இரவையும் ஒரே இடத்தில் அடுக்கும் கடிகாரத்தில் அந்தத் தொடர்பை வரையவே முடியாது.

அடுத்து 24 மணி வளையம். நாள் முழுவதும் ஒரே சுற்று, ஒரு மணிக்கு 15 பாகை. இதில் அந்த மாணவியின் 6 மணி நேரம் கால் வட்டம்தான். 8 மணி நேரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அளவு பொய் சொல்லாது. டீ ஒரு பக்கம், விடியல் வேறு பக்கம். காபி, டீயில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும், குறையும். 5:30 டீயிலிருந்து பழுப்பு நிற வால் ஒன்று கிளம்பி, மெலிந்துகொண்டே போய், 10:30க்குப் பாதித் தடிமனோடு தூக்கத்தின் வாசலைத் தொடுவதுபோல் வரைந்தோம். எந்த வசனமும் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த வளையத்தை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. முள் வலப்பக்கம் நின்றதும் எல்லோரும் மூன்று மணி என்றார்கள். நாங்கள் நண்பகலை உச்சியிலும் நள்ளிரவை அடியிலும் வைத்திருந்ததால் அது மாலை 6. சிறு வயதிலிருந்து பழகிய கண் அப்படித்தான் படிக்கும். அதனால் முள்ளையே எடுத்துவிட்டு, விளிம்பில் ஒரு சூரியனை நடக்க விட்டோம். இடப்பக்கம் எழுந்து, உச்சிக்கு ஏறி, வலப்பக்கம் இறங்கி, அடியில் இருட்டுக்குள் போகும். எண்களிலும் 18, 22 என்று போடாமல் மாலை 6, இரவு 10 என்றே எழுதினோம்.

அதற்கும் மேல் கைகொடுத்தது தமிழ்ப் பாடம். ஆறு சிறுபொழுதுகளை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். வளையத்தில் சரியாக 60 பாகை. ஆறு நிறம் பூசியதும் வளையம் அவர்களுக்குத் தெரிந்த பொருளாகிவிட்டது. யாமம் இரவு 10 முதல் 2 வரை, வைகறை 2 முதல் 6 வரை. இரண்டும் சேர்ந்தால் 8 மணி நேரம். பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்சத் தூக்கம் இரண்டு பொழுதாக அங்கேயே இருக்கிறது.

அந்த நிறங்கள் இன்னொன்றுக்கும் உதவின. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது. கனவுகள் நிறைந்த, விழிகள் வேகமாக அசையும் தூக்கம் விடியலை நெருங்க நெருங்கக் கூடுகிறது. அதிகாலை டியூஷனுக்கு எழுப்பினால் எல்லா வகைத் தூக்கமும் சமமாகக் குறைவதில்லை. வைகறையின் வால் வெட்டுப்பட்டால் கனவுத் தூக்கம்தான் முதலில் போகும். வைகறையின் ஓரத்தைக் கத்தரிக்கோல் வெட்டுவதாகக் காட்டினோம். இந்தக் காட்சியை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார்கள்.

மூன்றாவது வகை இரட்டைக் கடிகாரம். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். பதின்வயதினர் ஏன் ஒன்பதரைக்குத் தூங்குவதில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. பருவமடையும்போது, தூங்கும் நேரம் வந்துவிட்டதென்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம்வரை. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன் 1990களில் செய்த ஆய்வுகள் இதை முன்னுக்குக் கொண்டுவந்தன. சுவரில் 9:30 என்றால் உள்ளே இன்னும் 7:30. "போனைத் தூக்கிப்போட்டுட்டுப் படு" என்று திட்டும் பெற்றோர் இந்தக் காட்சியில் மௌனமாகிவிடுகிறார்கள். எனக்கும் என் மகளின் பதினைந்தாம் வயது நினைவுக்கு வந்தது. அன்று நான் பேசியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

இதில் ஆபத்தும் உண்டு. "என் கடிகாரமே அப்படித்தான்" என்று பிள்ளைகள் முடித்துக்கொள்கிறார்கள். படத்தில் இரண்டு கடிகாரங்களும் எப்போதும் அதே இடைவெளியில் ஓடுவதால் வரும் தவறு இது. உண்மையில் உள்கடிகாரத்தை வெளிச்சம் நகர்த்துகிறது. காலை வெளிச்சம் முன்னே இழுக்கும், இரவில் முகத்துக்கு அருகே வைத்துப் பார்க்கும் திரை பின்னே தள்ளும். அந்த நகர்வைக் காட்டாமல் இரட்டைக் கடிகாரத்தைப் போடவே கூடாது. காட்டும்போதும் ஒரே இரவில் இரண்டும் பொருந்திவிடுவதாகக் காட்டக்கூடாது. எங்கள் முதல் வரைவில் அப்படித்தான் பொருந்தியது, பார்க்கவும் அழகாக இருந்தது. வீட்டில் முயன்று, மூன்றாம் நாளே பலிக்கவில்லை என்று விட்டுவிட்ட பிள்ளைகள் அந்த வரைவைப் பார்த்தவர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. காணொளியின் முதுகெலும்பு 24 மணி வளையம். இரட்டைக் கடிகாரம் அரை நிமிடத்துக்கு ஒரே ஒரு காட்சியில் வந்துபோகட்டும். 12 மணி முகத்தை அலாரம் அடிக்கும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த முகத்தைச் சுழல விடுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். ஐந்து பள்ளி நாட்கள் ஓடுவதை 6 நொடியில் காட்ட விரும்பினோம். 120 மணி நேரம், பெரிய முள் 120 சுற்று, நொடிக்கு 20 சுற்று. காணொளியில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முள் 0.8 சுற்றுச் சுற்றுகிறது. கண் அதை 0.2 சுற்றுப் பின்னால் போனதாகவே எடுத்துக்கொள்ளும். வாரம் முன்னே ஓட, கடிகாரம் பின்னே ஓடியது. பெரிய முள்ளை நீக்கிவிட்டதும் சரியானது. தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக்கி நடுவில் வேகமாக்கும் வழக்கமான அசைவையும் கைவிட்டோம். ஓர் இரவு ஓடும் காட்சியில் அது நள்ளிரவு நேரங்களை மற்றவற்றைவிடச் சுருக்கிக் காட்டுகிறது.

இனி தூக்க அட்டவணை. இதிலும் இரண்டு வகை. ஒன்று, எல்லோருக்கும் ஒரே நேரம்: 9:30 பால், 9:45 பல் துலக்கல், 10:00 விளக்கணைப்பு. சுவரில் ஒட்ட நன்றாக இருக்கும், ஆனால் அப்பா ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வீட்டில் முதல் நாளே உடையும். மற்றது, எழும் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவது. நான் இரண்டாவதன் பக்கம். எழும் நேரத்தை டியூஷனும் பேருந்தும் முடிவு செய்கின்றன. படுத்ததும் தூக்கம் வருவது நம் கையில் இல்லை. உறுதியாகத் தெரிந்த முனையிலிருந்து எண்ணினால்தான் கணக்கு நிற்கும்.

முன்னே சொன்ன மாணவியின் கணக்கையே போட்டுப்பார்த்தோம். ஆறு மணி டியூஷன், 5:30க்கு எழவேண்டும். 8 மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் 9:30க்கு விளக்கணைப்பு. இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு. எழுதிப் பார்த்ததும் அவளே பேனாவை வைத்துவிட்டாள். இந்த இடத்தில் அட்டவணை தோற்றுவிட்டதாக அக்கா மகன் நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிக்கல் அவள் பழக்கத்தில் இல்லை, டியூஷன் நேரத்தில் இருக்கிறது என்று அந்தத் தாள் காட்டிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றினார்கள். மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தபோது மாணவர்களின் அன்றாடத் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது.

அவள் அம்மா டியூஷன் சாரிடம் பேசி, மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். எழும் நேரம் 6:30 ஆனது. விளக்கணைப்பு 10:15 என்று வைத்தோம், 8 மணி 15 நிமிடம். பழைய 11:30இலிருந்து ஒரே நாளில் 75 நிமிடம் முன்னே வர முடியாது. மூன்று நாளுக்கு 15 நிமிடம் என ஐந்து படி, பதினைந்து நாள். கடைசி டீ பள்ளியின் பிற்பகல் இடைவேளையோடு சரி. போனை 9:30க்கு அம்மா அறையில் சார்ஜில் போடுவது. எழுந்ததும் பத்து நிமிடம் மாடியில் அல்லது வாசலில். அட்டவணையில் இருந்தது இவ்வளவுதான்.

கூடவே ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனி வரி ஒன்று. முன்பு அவள் சனி இரவு 12க்குப் படுத்து ஞாயிறு 9:30க்கு எழுவாள். தூக்கத்தின் நடுப்புள்ளி வாரநாளில் 2:30, ஞாயிறன்று 4:45. இரண்டேகால் மணி நேர வித்தியாசம். நம் நேரத்துக்கும் துபாய் நேரத்துக்கும் உள்ள ஒன்றரை மணி இடைவெளியைவிட அதிகம். வாராவாரம் போய்த் திரும்பிய உடலோடுதான் திங்கள் முதல் பீரியடில் உட்கார்ந்திருந்தாள். வளையத்தில் இரண்டு நீல வில்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, பொருந்தாமல் நீட்டிக்கொண்டிருந்த பகுதியை அவளே விரலால் தொட்டுக் காட்டினாள். ஞாயிறு வரியில் 7:30 என்று எழுதிக்கொண்டாள். 8 மணி என்று பேரம் பேசிப் பார்த்தாள், வளையத்தில் நகர்த்திப் பார்த்துவிட்டு 7:30க்கே திரும்பினாள்.