பாரிமுனையில் பகடை செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 2,700 ரூபாய் போச்சு

இன்று மாலைதான் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரம்பூரில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நிகழ்தகவு பாடத்துக்காகப் போன சனிக்கிழமை பாரிமுனைப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் எஃப்ரான் பகடை ஆறு பெட்டி வாங்கினேன். பெட்டி 450, மொத்தம் 2,700 ரூபாய். பிராட்லி எஃப்ரான் என்ற புள்ளியியல் பேராசிரியர் அமைத்த நான்கு பகடைகள் அவை. நீலத்தில் 4, 4, 4, 4, 0, 0. மஞ்சளில் ஆறு முகமும் 3. சிவப்பில் 6, 6, 2, 2, 2, 2. பச்சையில் 5, 5, 5, 1, 1, 1. நீலம் மஞ்சளை வெல்லும், மஞ்சள் சிவப்பை, சிவப்பு பச்சையை, பச்சை திரும்பி வந்து நீலத்தை வெல்லும். ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு வாய்ப்போடு.

நான் ஏமாந்த இடம் கடைக்காரர் காட்டிய விளையாட்டு. "மேடம், எது வேணுமோ நீங்க முதல்ல எடுங்க" என்று கல்லா மேசையில் ரப்பர் விரிப்பைப் போட்டு உருட்டினார். நான் எதை எடுத்தாலும் அதை வெல்லும் நிறத்தை அவர் எடுத்தார். அந்தச் செட்டை நானே கையில் வாங்கிப் பார்த்தேன், எண்கள் எல்லாம் சரி. அதனால் சீல் வைத்த ஆறு பெட்டியையும் பிரிக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பெட்டிக்கு நான்கு பேராக உட்கார வைத்து, உருட்டுவதற்கு முன்னால் கட்டம் போட்டு எண்ணச் சொன்னேன். ஒரு பகடையின் ஆறு முகம் மேலே, இன்னொன்றின் ஆறு முகம் பக்கவாட்டில், 36 கட்டம். நீலம்–மஞ்சளுக்கு அதுகூட வேண்டாம். மஞ்சளில் எப்போதும் 3. ஒவ்வொரு 4-ம் ஆறு கட்டத்தில் ஜெயிக்கும், நான்கு 4 இருந்தால் 24. ஒரு பெண் எழுந்து, "மிஸ், எனக்கு 18தான் வருது" என்றாள். மறுபடி எண்ணு என்று அதட்டிவிட்டேன், பாவம். அவள் நீலப் பகடையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக் காட்டினாள். 4, 4, 4, 0, 0, 0. நான்காவது 4 இருக்க வேண்டிய முகத்தில் 0 அச்சடித்திருக்கிறார்கள். ஆறு பெட்டியிலும் அதே தப்பு.

ஒரு முகம்தானே என்று நினைக்காதீர்கள். நீலமும் மஞ்சளும் இப்போது 18-க்கு 18, சமம். மஞ்சளை வெல்ல இருந்த ஒரே பகடை நீலம்தான். சிவப்புக்கு மஞ்சளிடம் 12 கட்டம்தான், பச்சைக்கு 18, அதுவும் சமம். ஆக மஞ்சளை எடுத்தவரை வெல்ல இந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. வட்டம் அறுந்துவிட்டது, பாடமும் போச்சு.

போன் செய்தால், "தாயம் மாதிரிதான் மேடம், எல்லாம் அதிர்ஷ்டம்" என்றார். செவ்வாய்க்கிழமை போன் செய்தேன், "ஓனர் ஊர்ல இல்ல". இன்று நேரில் போனேன். என் பெட்டியிலிருந்தே நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துப் பத்து தடவை உருட்டினார். நீலத்துக்கு ஆறு, மஞ்சளுக்கு நான்கு. "பாத்தீங்களா, நீலம் ஜெயிக்குது!" என்றார். பத்துக்கு ஆறு என்பது எதையும் காட்டாது. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றாலும், மூன்றில் இரண்டு என்றாலும், பத்து உருட்டலில் சரியாக ஆறு வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை நடக்கும். இதைச் சொல்லி, முகங்களை எண்ணிப் பாருங்கள் அண்ணா என்று பகடையை நீட்டினேன். வாங்கவே இல்லை. "பிரிச்ச பெட்டிய திருப்பி எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படி எண்ணுவது? 2,700 ரூபாய், டியூஷன் பணம்.

இனிமேல் வாங்குபவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். காட்டுகிற செட்டை நம்பாதீர்கள், உங்கள் கைக்கு வரும் செட்டின் 24 முகத்தையும் பாருங்கள், முக்கியமாக நீலத்தில் நான்கு 4. நான்கு ஜோடிக்கும் 24 வருகிறதா என்று எண்ணுங்கள், உருட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் வாங்குங்கள். எனக்குத் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், அதில் கடைப் பெயர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யப் போகிறேன்.