ஒரு பாட்டி, மூன்று வேலைகள்

எம்.பி.பி.எஸ். இல்லையென்றால் நர்சிங்கா, பிசியோதெரபியா, லேப் டெக்னாலஜியா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். வேலையை ஒப்பிட்டுப் பார்ப்போம். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

காலையில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 7.8 என்று காட்டுகிறது இயந்திரம். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. உண்மையென்றால் இதயமே நின்றுபோகலாம். ஆனால் கால்சியமும் தரைமட்டத்தில் கிடப்பதைப் பார்த்ததும் லேப் டெக்னீஷியனுக்குப் பொறி தட்டுகிறது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. உப்பு இருக்கும், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குழாயிலிருந்து யாரோ அடுத்த குழாய்க்கு ரத்தத்தை ஊற்றியிருக்க வேண்டும். (ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும், கால்சியம் இப்படி விழாது.) உடனே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லி, புது ரத்தம் கேட்கிறார். இப்போது 4.2. பாட்டி இவரைப் பார்த்ததே இல்லை. அப்படித் திரைக்குப் பின்னால் இருக்கப் பிடிக்கும் ஆளுக்குத்தான் இந்த வேலை.

ஊற்றியது யார்? ஏழெட்டுப் படுக்கைகளுக்கு நடுவே ஓடிய நர்ஸாக இருக்கலாம், குற்றம் சொல்லவும் மனம் வராது. மருந்து நேரம் தவறக் கூடாது, சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை பாட்டியைப் புரட்ட வேண்டும், குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இரவுப் பணி தவிர்க்க முடியாதது. ஆனால் வெளிநாட்டுக்குப் போக மூன்றிலும் அகலமான கதவு இதுதான். ஜெர்மனி என்றால் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்பார்கள்.

பிசியோதெரபிஸ்ட் மறுநாளே பாட்டியை வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கிறார். காலில் எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை சர்ஜன் சொல்வார். ‘வலிக்குதுப்பா, நாளைக்குப் பார்க்கலாம்’ என்பவரை எழுப்புவது இவர் பாடு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி சந்தேகம்: பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், சொந்த கிளினிக்கும் வைக்கலாம், கூட்டம் சேரும்வரை வருமானம் மந்தம்தான். பேசிப் பேசி ஆளை நடக்கவைக்கத் தெரிந்தவருக்கு நான் இதையே சொல்வேன்.

அப்புறம், நர்சிங் என்று முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஓராண்டு ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் வேண்டும், அந்தக் கல்லூரிக்குத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.